பீடி சுற்றுகிற விரலுக்குப் போன் திறக்காவிட்டால்: அறிகுறியைப் பார்த்து வழி தேடுவோம்

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் போன் கடை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார்கள். "தம்பி, ரேகை வச்சா தொறக்க மாட்டேங்கு. வாங்கும்போது நல்லாத்தான் தொறந்துச்சு." பெரும்பாலும் பீடி சுற்றுகிற அக்காமார்தான். அவர்களுக்கு அடுத்து கொத்தனார், சித்தாள், செங்கல் சூளை ஆட்கள், பத்தமடையில் கோரை நெய்கிறவர்கள். போனை மாற்றச் சொல்வது எளிது. ஆனால் பல நேரம் போனில் ஒரு குறையும் இருக்காது. விரலிலும் எல்லா விரலும் தேய்ந்திருக்காது. தேய்ந்த விரலைத்தான் நாம் பதிந்து வைத்திருப்போம், அவ்வளவுதான் சங்கதி.

போன் என்ன பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும். விரல் நுனித் தோல், உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பக்கவாட்டுப் பொத்தானிலோ போனின் முதுகிலோ இருக்கிற சென்சார், மேடு தொடுகிற இடத்துக்கும் பள்ளம் தொடாத இடத்துக்கும் உள்ள மின் வேறுபாட்டை அளக்கிறது. திரைக்கு அடியில் இருக்கிற சென்சாரில் பெரும்பாலானவை வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கிறவை. விலை கூடின சில போன்களில் ஒலியலை அனுப்பிப் பார்க்கிற வகை உண்டு. எந்த வகையானாலும் மேடு பள்ளம் தெரிந்தால்தான் வேலை நடக்கும். தோல் வழவழவென்று ஆகிவிட்டால் அதற்குப் பார்க்க எதுவும் இல்லை. தோல் வறண்டு வெடித்திருந்தால் கோடுகள் துண்டு துண்டாகத் தெரியும். ஈரமாக இருந்தால் பள்ளமெல்லாம் தண்ணீரால் நிரம்பி மேட்டோடு சேர்ந்துவிடும்.

முதலில் ஒரு பென்சில் சோதனை

எந்த அறிகுறியானாலும் இதைச் செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஒரு தாளில் பென்சிலால் நாலு விரல் அகலத்துக்கு நன்றாகக் கருப்பாகத் தேய்க்கவும். கையைக் கழுவித் துடைத்து உலர்த்திய பிறகு, ஒரு விரல் நுனியை அந்தக் கருப்பில் வைத்து மெல்லப் புரட்டவும். பிறகு விரல்மேல் செல்லோடேப்பை ஒட்டி, உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டவும். பத்து விரலுக்கும் இதைச் செய்து, எது எந்த விரல் என்று பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும். இரண்டு ரூபாய்ச் செலவு கூட ஆகாது.

பீடி சுற்றுகிறவர்களிடம் பொதுவாக இப்படித்தான் வரும்: வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவில் வெள்ளையாக, கோடே இல்லாமல் இருக்கும். இடது பெருவிரலில் கோடு விட்டுவிட்டு வரும். மோதிர விரலும் சுண்டு விரலும் பிறந்த குழந்தையின் விரல் போலத் தெளிவாக இருக்கும். காரணம், இலையை உருட்டுவதும், முனையை மடக்குவதும், கத்தரியைப் பிடிப்பதும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான். நனைத்து வைத்த ஈர இலையைத் தொட்டுத் தொட்டு ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் தேய்கிறது. கொத்தனாருக்குக் கதை வேறு. சிமெண்டுக் கலவை காரம் மிகுந்தது, அதனால் கலவை தொட்ட விரல் எல்லாமே பாதிக்கப்படும். ஆனாலும் ஏதாவது ஒரு விரல் மற்றவற்றைவிட நன்றாக இருக்கும். நாம் தேடுவது அந்த விரலைத்தான்.

அறிகுறி: காலையில் திறக்கிறது, வேலைக்கு உட்கார்ந்த பிறகு திறக்கவில்லை

இது தேய்மானம் இல்லை, அழுக்கு. சுளவில் இருக்கிற புகையிலைத் தூள் விரல் பள்ளங்களில் அடைந்துவிடுகிறது, இலைச் சாறும் சேர்ந்து பிசுபிசுக்கிறது. சென்சார் மேலும் அதே தூள் படிந்திருக்கும். விரலை மட்டும் துடைத்துவிட்டு "இன்னும் தொறக்கலையே" என்பவர்கள் சென்சாரைத் துடைக்க மறந்திருப்பார்கள். கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை லேசாக ஈரமாக்கிப் பொத்தானைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

புகையிலைக் கறை போக எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. கறை போகும், தோலும் வறளும். மணலைப் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம், மிச்சம் இருக்கிற மேட்டையும் அது எடுத்துவிடும். சாதாரண சோப்பும், ராத்திரி படுக்கும்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும். ஆனால் எண்ணெய்க் கையோடு சென்சாரைத் தொட்டால் அதுவும் மங்கிப்போகும் என்பதால் காலையில் துடைத்துவிடவும். அவசரத்துக்கு, வறண்ட விரல்மேல் ஒருதரம் வாயால் ஊதினாலே வரும் ஈரம் போதும், பல நேரம் திறந்துவிடும்.

நடவு முடித்து வந்த கை, பாத்திரம் கழுவிய கை எல்லாம் சுருங்கி இருக்கும். அதற்கு மருந்து வேண்டாம், கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். அதுவரை பின் நம்பரைப் போட்டுத் திறங்கள்.

அறிகுறி: முதல் மாதம் திறந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது சுத்தமாக இல்லை

இதுதான் உண்மையான தேய்மானம். கடையில் வாங்கிய அன்றைக்கு விரல் ஒரு மாதிரி இருந்தது, அதன் பிறகு வேலை கூடித் தோல் மாறிவிட்டது. சில போன்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விரலின் புது நிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் ஒருநாளைக்கு ஒருமுறை கூட ரேகை வைக்காதவர்களுக்கு அந்தப் பாடம் நடக்காது.

முக்கூடலில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் போனை வைத்துச் சொல்கிறேன். பக்கவாட்டுப் பொத்தானில் சென்சார் உள்ள சாதாரணப் போன். வலது பெருவிரல் மட்டும் பதிவாகியிருந்தது. கடையில் பெட்டியைத் திறந்ததும் "வலது பெருவிரலை வைங்க யக்கா" என்றுதானே எல்லோரும் சொல்வார்கள். பென்சில் சோதனையில் அந்த விரலின் நடுவில் கோடே இல்லை. பக்கவாட்டுச் சென்சார் மெல்லியது, விரலின் ஒரு கீற்றைத்தான் பார்க்கும். அந்தக் கீற்று தேய்ந்த இடத்தில் விழுந்தால் எத்தனை முறை வைத்தாலும் ஒன்றுதான். திரையின் அடியில் இருக்கிற சென்சார் கொஞ்சம் பெரிய இடத்தைப் பார்க்கும், அங்கே ஓரமாகவாவது கோடு அகப்பட வாய்ப்பு உண்டு.

அக்காவுக்கு இடது மோதிர விரல் தெளிவாக இருந்தது. போனை இடது கையில் பிடித்தால், வலது ஓரத்துப் பொத்தானில் அந்தக் கை விரல்கள்தான் இயல்பாகப் போய் விழும். பிடியைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் மோதிர விரல் எட்டும். அதனால் அதையே முதல் விரலாக எடுத்தோம்.

பதிவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாங்க் ஆப்பில் ரேகை வைத்து நுழைகிறவர்கள் அதன் பாஸ்வேர்டும் எம்பின்னும் ஞாபகம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். போனில் புது விரல் சேர்த்ததும் பல பாங்க் ஆப்கள் பழைய ரேகை அனுமதியை ரத்து செய்துவிட்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். யாரோ திருட்டுத்தனமாகத் தன் விரலைச் சேர்த்துப் பணம் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. தெரியாமல் செய்தவர்கள் ஆப் கெட்டுப்போச்சு என்று பயந்துவிடுவார்கள்.

பிறகு பழைய வலது பெருவிரல் பதிவை நீக்கினோம். இடது மோதிர விரலைக் கையைக் கழுவி உலர்த்திப் பதிந்தோம். முதலில் நடுப் பகுதியை வைக்கச் சொல்லும், பிறகு ஓரங்களைக் கேட்கும். அப்போது விரலை ஒரே மாதிரி வைக்காமல் நுனி, இடது ஓரம், வலது ஓரம், கொஞ்சம் சாய்த்து என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் நடுவிலேயே வைத்து முடிப்பதுதான் பாதிப் பேரின் பிரச்சினை. நாளைக்கு இருட்டில், சாய்ந்த கையோடு வைக்கும்போது போனுக்கு அந்தக் கோணம் தெரியாது.

அடுத்து, அதே மோதிர விரலை இரண்டாவது முறையாக, இந்தத் தடவை அரை நாள் பீடி சுற்றிவிட்டுத் துணியில் துடைத்த கையோடு பதியச் சொன்னேன். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் நாலைந்து விரல் வரை ஏற்கும். அவற்றில் இரண்டு இடத்தை ஒரே விரலுக்குக் கொடுப்பதில் தப்பில்லை. வேலை நேரத்துத் தோலையும் போன் தெரிந்துகொள்ளும். சில போன்கள் "இந்த விரல் ஏற்கெனவே இருக்கு" என்று மறுக்கும். அப்படியானால் இடது நடுவிரலை வேலைக்கு நடுவே பதியலாம். மூன்றாவதாக வலது பெருவிரலின் வெளி ஓரம், அதாவது கத்தரி உரசாத பக்கம். அங்கே கோடு மிச்சம் இருந்தது.

இப்போது அக்காவுக்குப் பெரும்பாலும் திறக்கிறது, எப்போதும் அல்ல. தூள் கையோடு வைத்தால் மறுக்கத்தான் செய்கிறது. கொஞ்ச நாள் வேலை இல்லாமல் கை ஆறினால் தேய்ந்த விரலிலும் கோடு திரும்பி வரும். ரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் புதிதாக வளர்ந்துவிடும். ஆழமாக வெட்டுப்பட்டுத் தழும்பானால்தான் அந்த இடம் நிரந்தரமாகப் போகும். அப்படி கோடு திரும்பிய பிறகு மறுபடி ஒருமுறை பதிய வேண்டியிருக்கும்.

வேலையே செய்யாமல் ரேகை அழிந்துகொண்டு போனாலோ, உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தாலோ அது தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டிய விஷயம். கேபசிட்டபின் என்கிற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கூட ரேகை மறைவது உண்டு, அவர்கள் சிகிச்சை தருகிற டாக்டரிடம் சொல்லட்டும்.

அறிகுறி: பதியும்போதே பாதியில் நின்றுவிடுகிறது

விரல் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லும். இங்கே போனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பென்சில் தாளில் அந்த விரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அடுத்த விரலுக்குப் போங்கள். தாளில் கோடு தெளிவாக வந்தும் போன் ஏற்கவில்லை என்றால் அப்போது சென்சாரைச் சந்தேகப்படலாம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் விரலைப் பதிந்து பாருங்கள். அதுவும் நின்றால் கோளாறு போனில்தான். பிள்ளை விரல் ஏறியிருந்தால், சோதித்ததும் மறக்காமல் நீக்கிவிடவும்.

அறிகுறி: கண்ணாடி ஒட்டிய பிறகு திறக்கவில்லை

திரைக்கு அடியில் சென்சார் உள்ள போனுக்கு மட்டும் இது. ஒட்டுக் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் ஒளி சிதறும், ஒலியலை வகைக்கு இன்னும் சிக்கல். எல்லா விரலையும் நீக்கிவிட்டு, கண்ணாடி ஒட்டிய நிலையிலேயே மறுபடி பதியவும். அப்படியும் இல்லையென்றால் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதுதான். தேய்ந்த விரலுக்கு ஏற்கெனவே மங்கலான படம், அதன்மேல் ஒரு மலிவுக் கண்ணாடி எதற்கு?

அறிகுறி: "அதிக முறை முயற்சித்துவிட்டீர்கள்" என்று வருகிறது

ஆண்ட்ராய்டில் ஐந்து முறை தப்பாக வைத்தால் 30 வினாடி ரேகையை நிறுத்தி வைக்கும். தொடர்ந்து 20 முறை தவறினால் பின் நம்பர் போட்டால்தான் ரேகை மறுபடி வேலை செய்யும். ரேகை வழி உள்ள ஐபோனில் ஐந்து தவறுக்கே பாஸ்கோடு கேட்கும். போன் அணைந்து ஏறினாலும் முதல் முறை பின் போட்டே ஆக வேண்டும். இது கோளாறு இல்லை. "ரேகை இருக்கே, நம்பர் எதுக்கு" என்று மறந்துபோகிறவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். மறந்த பின்னை யாரும் மீட்டுத் தர முடியாது, போனை முழுதாக அழித்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். அதனால் தேய்ந்த கை உள்ளவர்கள் பின்னையே முதல் சாவியாக நினைத்துக்கொள்வது நல்லது.

ஆறு இலக்கம் வையுங்கள். பிறந்த வருடம், போன் நம்பரின் கடைசி இலக்கங்கள் வேண்டாம். புள்ளிகளை இணைக்கிற பேட்டர்ன் முறையைப் பீடிக் கைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புகையிலைத் தூள் படிந்த திரையில் விரல் போன பாதை அப்படியே தெரியும்.

பின் போடுவது அலுப்பாக இருக்கிறது என்றால் அடிக்கடி பூட்டாமல் செய்யலாம். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் Screen lock பக்கத்துச் சக்கரத்தை அழுத்தினால் Lock after screen timeout என்று இருக்கும் (சில போன்களில் பெயர் கொஞ்சம் மாறும்). அதை ஐந்து நிமிடம் என்று வைத்தால், திரை அணைந்தும் ஐந்து நிமிடத்துக்குள் திரும்ப எடுத்தால் பூட்டு கேட்காது. கையில் போனை வைத்துக்கொண்டே வேலை பார்க்கிற வீட்டில் இது வசதி. பேருந்தில் போகும்போது மட்டும் பழையபடி வைத்துக்கொள்வது நல்லது.

முகம் காட்டித் திறப்பது இன்னொரு வழி. நம் ஊர் விலைப் போன்களில் அது முன் கேமராவில் எடுக்கிற சாதாரணப் படம்தான், அந்திக்கு மேல் மங்கின வெளிச்சத்தில் தடுமாறும். ரேகை அளவுக்கு நம்பகமும் இல்லை. அதனால்தான் முகத்தால் போன் திறந்தாலும், பாங்க் ஆப் பெரும்பாலும் அந்த முகத்தை ஏற்காமல் எம்பின் கேட்கிறது. போன் ஒன்று, ஆப் ஒன்று சொல்கிறது என்று குழம்ப வேண்டாம்.

அறிகுறி: போன் மட்டுமல்ல, ரேஷன் கடையிலும் பாங்க் ஏஜென்டிடமும் ரேகை வரவில்லை

முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். போனில் பதிந்த ரேகை அந்தப் போனுக்குள்ளேயே இருக்கும், ஆதாரோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. போனில் புது விரல் பதிந்ததால் ஆதார் மாறாது. ஆதாரைப் புதுப்பித்தால் போனும் மாறாது.

ஆதார் எடுக்கும்போது பத்து விரல்களையும் இரண்டு கண் கருவிழிகளையும் பதிந்திருப்பார்கள். அதனால் எந்த விரலை வைத்தாலும் செல்லும். கடைக்காரர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைக்கச் சொல்லி, "உங்க கை வரல" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பென்சில் சோதனையில் நன்றாக வந்த மோதிர விரலை, "அண்ணாச்சி, இந்த வெரல வச்சுப் பாத்துருங்க" என்று கேட்டு வையுங்கள். எந்திரத்தில் 330 என்ற பிழை எண் வந்தால் விரலில் ஒன்றுமில்லை, ஆதாரின் பயோமெட்ரிக் பூட்டப்பட்டிருக்கிறது, ஆதார் ஆப்பில் திறக்கலாம். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை என்று பொருள்.

பத்தும் பொருந்தாவிட்டால் கண் கருவிழிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள், தமிழ்நாட்டில் பல ரேஷன் கடைகளுக்கு அது வந்திருக்கிறது. வர இயலாத முதியவர்களுக்கு வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவமும் உண்டு. பிஎம் கிசான் பணத்துக்கான சரிபார்ப்பை 2023 முதல் அதன் ஆப்பிலேயே முகம் காட்டி முடிக்கலாம். பென்ஷன்காரர்களின் உயிர்ச் சான்றுக்கும் முகம் காட்டும் வழி இருக்கிறது. பாங்க் ஏஜென்டிடம் ரேகை வைத்துப் பணம் எடுக்க முடியாவிட்டால் ஏடிஎம் கார்டும் கிளையில் பாஸ்புக்கோடு போய் எடுப்பதும் எப்போதும் திறந்த வழிகள்தான்.

இதில் பல வழிகளுக்கு ஓடிபி வர வேண்டும், அதற்கு ஆதாரில் இப்போது நீங்கள் வைத்திருக்கிற நம்பர் இருக்க வேண்டும். நம்பரைச் சேர்க்கவோ மாற்றவோ ஊர்த் தபால்காரரைக் கேட்டுப் பாருங்கள், தபால் பாங்க் மூலம் அந்தச் சேவை உண்டு. கை ரேகையைப் புதுப்பிக்க ஆதார் மையத்துக்குப் போகிறதாக இருந்தால் வேலை நாளின் நடுவில் போகாதீர்கள். கொடை, பொங்கல் என்று கை ஓய்ந்திருக்கிற ஒரு வாரத்துக்குப் பிறகு, எண்ணெய் தடவித் தோல் கொஞ்சம் தேறிய நாளாகப் பார்த்துப் போங்கள். தேய்ந்த விரலைத் தேய்ந்தபடியே புதுப்பித்துவிட்டு வந்தால், அடுத்த மாதம் ரேஷன் கடையில் மறுபடி அதே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.